சரவணனின் உளுந்துத் திட்டம் குறித்து

யாங்கோன்

அன்புள்ள நண்பர் கணேசன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதமும், அதனுடன் தம்பி சரவணன் எழுதிய உளுந்து ஏற்றுமதித் திட்டமும் கிடைத்தன. மோல்மேனில் அனைவரும் நலம் என்றறிந்து மகிழ்ந்தேன். இங்கும் நலமே, பேத்தி பள்ளி இறுதித் தேர்வை எழுதி முடித்துவிட்டாள். திட்டத்தை இருமுறை படித்தேன். "எங்களுக்கு மட்டுமே உரிய வலிமைகள்" என்று தம்பி எழுதியிருக்கும் பகுதியைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தியாவில் உளுந்துக்கு உறுதியான தேவை இருப்பதை முதல் வலிமையாகக் குறித்திருக்கிறார். மியான்மரிலிருந்து ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து வாங்குவதாக 2021இல் இந்திய அரசு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்ததும் உண்மைதான். ஆனால் அந்தத் தேவை பயின்நவுங் சந்தையில் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் பொதுவானது. 2017இல் இந்தியா இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு விதித்தபோது இங்கே விலை சரிந்து எல்லோரும் தவித்ததை நாம் கண்டோமே. எல்லோருக்கும் பொதுவாக இருப்பதை ஒருவருடைய வலிமையாக எழுதக் கூடாது.

இரண்டாவது, புதிதாக வாங்கவிருக்கும் சார்டெக்ஸ் இயந்திரம். சறுக்கி விழும் ஒவ்வொரு மணியையும் படமெடுத்து, நிறம் மாறியதையும் கல்லையும் காற்றழுத்தத்தால் தள்ளிவிடும் அந்த இயந்திரம் சாதாரண எஃப்ஏக்யூ சரக்கை உயர்ந்த எஸ்க்யூ தரத்துக்கு நெருங்கச் செய்யும் என்பதில் எனக்கு ஐயமில்லை. டன்னுக்கு 40 டாலர் கூடுதலாகக் கிடைக்கும் என்று தம்பி கணக்கிட்டிருக்கிறார். 24 டன் கொள்ளும் ஒரு கண்டெய்னருக்கு அது 960 டாலர். ஆனால் அவருக்கு விற்ற முகவர் அடுத்த வாரமே பக்கத்துக் கிடங்குக்காரருக்கும் அதே இயந்திரத்தை விற்பார். பணமும் பொருத்துவதற்கு வேண்டிய சில மாதங்களும் இருந்தால் போதும், வேறு எந்தத் தடையும் இல்லை. நான்கைந்து பேர் சுத்தம் செய்த சரக்கைக் கொண்டுவந்துவிட்டால் இரு தரங்களுக்கும் இடையிலான விலை வேறுபாடு சுருங்கும். அது 15 டாலராகிவிட்டால் கண்டெய்னருக்கு 360 டாலர்தான். அதில் கடன் தவணையும் மின்வெட்டு நேரத்து டீசல் செலவும் கட்டுப்படியாகுமா என்று தம்பியையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் இனித் தொழிலில் நிற்க முடியாது. ஆனால் அதனால் முந்தி நிற்கவும் முடியாது.

மூன்றாவதாக எழுதியிருப்பதே என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. தமிழ்நாட்டு அப்பளத் தொழிற்கூடங்களுக்கு, மாவின் பசைத்தன்மை மாறாத, ஒரே வட்டாரத்தில் விளைந்த உளுந்தை, ஓரிரு கண்டெய்னர் அளவில் அனுப்பப் போவதாகச் சொல்கிறார். பெரிய ஏற்றுமதியாளருக்கு இது தெரியாததல்ல. ஆனால் நூற்றுக்கணக்கான டன்னை ஒன்றாகக் கலந்து ஏற்றும் அவர், பெகு வட்டாரச் சரக்கைத் தனியே அடுக்கி, தனியே மாதிரி எடுத்து, சிறு சிறு ஆர்டர்களுக்குக் கணக்கு வைக்கத் தொடங்கினால், அவருடைய கிடங்கும் ஆட்களும் ஓடும் வேகமே கெட்டுவிடும். போட்டியாளர் நம்மைப் பார்த்துச் செய்ய முனைந்தால் அவருடைய இப்போதைய வருமானமே குறைய வேண்டும். அத்தகைய வலிமைதான் சில ஆண்டுகளாவது நிற்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு: இந்தச் சிறு ஆர்டர்கள் சேர்ந்து பெரிதானால், அவர் தனிக் கிடங்கு போட்டு வந்துவிடுவார். அதற்குள், குறை சொல்ல இடமின்றிப் பல பருவங்கள் சரக்கு அனுப்பிய பெயர் தம்பிக்கு இருக்க வேண்டும். அதைப் பணம் கொடுத்து ஒரே பருவத்தில் யாராலும் வாங்க முடியாது.

அந்தப் பெயர் யாரிடம் சேரும் என்பதைத் திட்டம் சொல்லவில்லை. எல்லா ஆர்டரும் சென்னையில் உள்ள ஒரே தரகர் வழியாக வருவதாக எழுதியிருக்கிறார். அப்படியானால் அப்பளக்காரர் நம்புவது தரகரைத்தான். அவர் நாளை வேறொருவரிடம் சரக்கு எடுத்தால் எல்லாம் அவருடனே போய்விடும். சாக்கில் தம்பியின் குறி இருக்கட்டும், ஒவ்வொரு லாட்டுக்கும் முத்திரையிட்ட மாதிரி ஒன்று இங்கேயும் ஒன்று வாங்குபவரிடமும் இருக்கட்டும், புகார் வந்தால் அவர் நேரே தம்பிக்கே எழுதட்டும்.

இயந்திரத்துக்கு முன்பணம் கட்டும் முன், இந்த அறுவடையில் கூலிக்குச் சுத்தம் செய்து தரும் ஆலையில் கொடுத்து, இரண்டு மூன்று அப்பளக்காரர்களுக்குச் சரக்கு அனுப்பிப் பார்க்கட்டும். இரண்டாம் முறை அனுப்பும்போது சந்தை விலைக்கு மேல் டன்னுக்குப் பத்துப் பதினைந்து டாலர் கூட்டிக் கேட்கட்டும். மலிவான சரக்கு கையெட்டும் தூரத்தில் இருந்தும் அவர்கள் தம்பியிடமே வாங்கினால், வலிமை இருப்பதற்கு அதுவே சான்று. விலை சொன்னதும் விலகிப் போனால், அவர்கள் "தரம் நன்று" என்று பாராட்டி எழுதியதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இதற்கு முன் பயின்நவுங்கில் யாராவது இப்படிச் சிறு ஆர்டர் எடுத்து நிறுத்திவிட்டார்களா என்றும் நான் விசாரித்து எழுதுகிறேன்.

திருத்திய கணக்கைத் தம்பி அனுப்பினால் உடனே பார்த்துத் தருகிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மாணிக்கம்