கல்லாவில் குறைந்த 1,800: எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கமுங்க.

கிணத்துக்கடவுப் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கல்லாவை எண்ணினேன். காலையில் போட்ட சில்லறை 3,000, பில் 21,640. அதில் ஜிபேயில் வந்தது 8,250, பற்று எழுதியது 1,390, தக்காளி வண்டிக்கும் பால்காரருக்கும் கொடுத்தது 4,200. போக, 10,800 இருக்க வேண்டும். இருந்தது 9,000.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்ற அண்ணன், "ஏன்டா, பையனைக் கேட்டயா?" என்றார். கடைப்பையன் வாசலில் சாக்கு மடித்துக்கொண்டிருந்தான். கை அப்படியே நின்றுவிட்டது. முன்னால் ரெண்டு தடவை குறைந்தபோது அவன் சம்பளத்தில்தான் முந்நூறு முந்நூறாகப் பிடித்திருந்தேன்.

"அவனில்லீங்ண்ணா. நான்தானுங். மூணு நம்பர்."

மூணு நம்பர் உங்களுக்குத் தெரியாததல்ல. நம் மாநிலத்தில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. கேரள அரசு லாட்டரிக் குலுக்கல் மத்தியானம் மூணு மணிக்கு. அதில் விழும் கடைசி மூணு எண்ணை வைத்து இங்கே ஆள் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போகிறார். சீட்டு 60 ரூபாய். அன்றைக்கு நான் எழுதினது முப்பது.

முதலில் எடுத்த பணத்தை வீட்டுச் செலவு என்று நோட்டில் போட்டேன். அப்புறம் அதையும் போடவில்லை. ரெண்டே முக்காலுக்குப் பையனைக் குடோனுக்கு அனுப்பிவிடுவேன்.

அண்ணன் திட்டுவார் என்றிருந்தேன். அவர் பொட்டலம் கட்டுகிற காகிதத்தை இழுத்து, "மூணும் விழுந்தா எவ்வளவு?" என்றார். 25,000. கடைசி ரெண்டுக்கு 1,000, கடைசி ஒண்ணுக்கு 100. அவர் எழுதினார்: 000 முதல் 999 வரை ஆயிரம் சீட்டையும் நீயே வாங்கு, 60,000. மூணும் சேருவது ஒரே சீட்டு, 25,000. ரெண்டு மட்டும் சேருவது ஒன்பது, 9,000. ஒண்ணு மட்டும் தொண்ணூறு, அதுவும் 9,000. ஆக 43,000.

"எல்லா நம்பரும் உன்றதே. அப்பவும் 17,000 போச்சு."

"ஒருக்கா இருபத்தஞ்சு அடிச்சுதுங்ண்ணா."

"அந்தக் காசு எங்கடா?"

ஒன்பது நாளில் நம்பர் எழுதுகிறவரிடமே திரும்பப் போயிருந்தது. அந்த அடியை நினைத்துத்தான் எட்டு மாதம் எழுதினேன். உள்ளதைச் சொன்னால், அண்ணன் கணக்கைப் பார்த்த பிறகும் மறுநாள் மூணு மணிக்குக் கை போனை எடுத்தது. கல்லாச் சாவி இப்போது அவரிடம்.

சங்கத்திடம் கேட்பது ரெண்டே. நம்பர் எழுதுகிறவர் உட்காருவது நம் உறுப்பினர்களின் கடைத் திண்ணையில்தான். இடம் கொடுக்கக் கூடாதென்று கூட்டத்தில் தீர்மானம் போடுங்க. கல்லா குறைந்தால் வேலையாள் சம்பளத்தில் பிடிக்கிற வழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்க. முதலில் முதலாளி தன் சட்டைப்பையைத் துழாவட்டும்.

பையனின் 600 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டு, அரிசி மூட்டையை இறக்கப் போய்விட்டான்.

இப்படிக்கு,
உங்கள் மளிகைக்கடைக்காரன்