ஈரானின் 45,500 தோமானுக்கு என்ன ஆனது?

ஆசிரியருக்கு வணக்கம்.

எல்லாருக்கும் மாதாமாதம் நிபந்தனை இல்லாமல் அடிப்படை வருமானமாக ஒரு தொகை கொடுக்கலாமா என்று சென்ற இதழில் வந்த கட்டுரையையும், அதற்கு வந்திருந்த எதிர்ப்புக் கடிதங்களையும் படித்தேன். கட்டுரையாளர் பின்லாந்தைக் காட்டி ஆதரிக்கிறார், கடிதம் எழுதியவர்கள் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள், பணக்காரனுக்கு எதற்கு அரசுப் பணம் என்று கேட்கிறார்கள். பின்லாந்தில் 2017, 2018 என இரண்டு ஆண்டுகள் நடந்தது, வேலையில்லாத இரண்டாயிரம் பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்த சோதனை. அதில் "எல்லாருக்கும்" என்பதே கிடையாது. கிட்டத்தட்ட ஒரு நாடு முழுவதற்கும் உண்மையிலேயே பணம் போட்டுப் பார்த்த இடம் ஈரான். அதைப் பற்றி ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

ஈரானில் பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு, மின்சாரம், ரொட்டி எல்லாம் பல ஆண்டுகளாக அடிமாட்டு விலையில் கிடைத்தன. கார் வைத்திருப்பவன்தான் அதிக பெட்ரோல் போடுவான், ஆகவே மானியத்தில் பெரும்பங்கு வசதியானவர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. 2010 டிசம்பரில் அரசு ஒரே நாளில் விலைகளை உயர்த்தியது. பங்கீட்டு பெட்ரோல் லிட்டர் 100 தோமானிலிருந்து 400 ஆனது, பங்கீட்டுக்கு மேல் போட்டால் 700. (பத்து ரியால் ஒரு தோமான், அங்கே கடைவீதியில் தோமான் கணக்குதான்.) இதற்கு ஈடாக ஆளுக்கு மாதம் 45,500 தோமான், குழந்தைகளுக்கும் சேர்த்து, குடும்பத் தலைவரின் வங்கிக் கணக்கில் போட்டார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 45 டாலர். ஐந்து பேர் உள்ள வீடு என்றால் 2,27,500 தோமான், கிராமத்து ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய பணம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விலை ஏறுவதற்குச் சில வாரங்கள் முன்பே பணம் கணக்கில் வந்துவிட்டது, ஆனால் விலை ஏறும் நாள் வரை எடுக்க முடியாது. கணக்கில் பணம் இருப்பது எல்லாருக்கும் தெரியும், ஆகவே அவ்வளவு பெரிய விலை உயர்வை நாடு பெரிய கலவரம் இல்லாமல் கடந்தது.

சரி, பணக்காரனுக்கு எதற்கு என்ற கேள்விக்கு வருவோம். ஈரான் அரசும் முதலில் அப்படித்தான் யோசித்தது. வருமான விவரம் கேட்டுப் படிவம் வாங்கி, குடும்பங்களை மூன்று தொகுப்புகளாகப் பிரித்து, கீழே உள்ளவர்களுக்கு மட்டும் கொடுப்பது என்று திட்டம். யார் எந்தத் தொகுப்பு என்று வெளிவந்ததும் மக்கள் கொதித்துப் போனார்கள், தவறாக வைக்கப்பட்டவர்கள் அவ்வளவு பேர். பலருக்கும் மாதச் சம்பளம் இல்லாத நாட்டில், கடை வைத்திருப்பவனுக்கும் கூலிக்காரனுக்கும் அரசு எந்தக் காகிதத்தைப் பார்த்து வருமானம் கணக்கிடும்? கடைசியில் பிரிவினையைக் கைவிட்டு, கேட்ட எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். பிறகு 2014இல் அதிபர் ரூஹானியின் அரசு, வசதியானவர்கள் தாங்களாகவே விலகிக்கொள்ளுங்கள் என்று பெரிய பிரசாரமே நடத்தியது. விலகியவர்கள் சுமார் 24 லட்சம் பேர்தான்.

நம்மூரிலும் இதே சிக்கலைப் பார்த்தோம். 2023இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஒரு கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், முதலில் தேர்வானவர்கள் ஒரு கோடியே 6 லட்சம் சொச்சம். ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எரித்தால் கிடையாது என்பது ஒரு விதி. ஒரே மீட்டரில் இரண்டு மூன்று குடும்பம் குடியிருக்கும் வீட்டில் அந்த 3,600 யாருடைய கணக்கு? வசதியானவனை விலக்கப் போட்ட வலையில் வாடகை வீட்டுக்காரி மாட்டுகிறாள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, வசதியானவர்களிடம் வரியாகத் திரும்ப வாங்குவது மேல் என்பது என் கருத்து, ஈரானைப் பார்த்த பிறகு இன்னும் உறுதியாக.

சோம்பேறித்தனத்துக்கும் அங்கே பதில் இருக்கிறது. ஜவாத் சாலேஹி-இஸ்ஃபஹானி என்ற பொருளியல் பேராசிரியர், இன்னொருவரோடு சேர்ந்து, பணம் வாங்கிய குடும்பங்களின் வேலை நேரத்தை ஆண்டுக்கணக்கான புள்ளிவிவரங்களை வைத்து ஆராய்ந்தார். இளைஞர்கள் கொஞ்சம் பேரைத் தவிர யாரும் வேலையைக் குறைத்ததற்குச் சான்று இல்லை. சொந்தத் தொழில் செய்த சிலர் கூடுதலாகவே உழைத்தார்கள். நடுத்தரக் குடும்பத்தின் வருமானத்தில் கால் பங்குக்கு மேல் வரும் தொகைக்கே இதுதான் விளைவு. முதல் சில ஆண்டுகளில் வறுமையும் ஏற்றத்தாழ்வும் குறைந்தன.

அப்படியானால் எங்கே கெட்டது? பத்து ஆண்டுகளுக்கு மேல் தொகை மாறவே இல்லை. ஆண்டுகள் போய்க்கொண்டிருந்தன, 45,500 அப்படியே நின்றது. ஒரு காரணம் நிதி. விலை உயர்வால் வரும் வருவாயில் பாதி மக்களுக்கு, 30 விழுக்காடு தொழில்களுக்கு, 20 விழுக்காடு அரசுக்கு என்று சட்டம் சொன்னது. உண்மையில் மக்களுக்குக் கொடுத்ததே வந்த வருவாயை மிஞ்சியது, பற்றாக்குறைக்கு அரசு கடன் வாங்கியது. அப்புறம் 2012இல் அணுத் திட்டத்துக்காக மேற்கு நாடுகள் போட்ட பொருளாதாரத் தடைகள் இறுகி எண்ணெய் ஏற்றுமதி சரிந்தது, ரியால் விழுந்தது, பணவீக்கம் 30 விழுக்காட்டைத் தாண்டியது. பணம் கொடுத்ததால்தான் விலை ஏறியது என்று சிலர் சொல்வார்கள், அதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் தடைகளின் பங்கை மறைத்துவிட்டு அதைச் சொல்வது நியாயமில்லை.

இதன் விளைவைப் பெட்ரோலை வைத்தே கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் பெட்ரோல் விலைக்கு ஈடாகத்தானே பணம் கொடுத்தார்கள். 2010 டிசம்பரில் 45,500 தோமானுக்குப் பங்கீட்டு விலையில் 113 லிட்டர் வாங்கலாம். 2019 நவம்பரில் பங்கீட்டு விலை 1,500 ஆனபோது அதே பணத்துக்கு 30 லிட்டர், பங்கீட்டுக்கு மேல் 3,000 தோமான் விலையில் 15 லிட்டர். வெளிச்சந்தையில் டாலராக மாற்றினால் 45 டாலர் என்று தொடங்கியது நான்கு டாலர் அளவுக்கு வந்துவிட்டது. 2010இல் அமைதியாக நடந்த விலை உயர்வு 2019இல் தெருவில் ரத்தமாக முடிந்ததற்கு அரசியல் காரணங்கள் பல. ஆனால் கையில் வரும் ஈட்டுத் தொகையின் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கை அதற்குள் கரைந்துபோயிருந்தது என்பதும் அதில் சேரும்.

அந்த ஆண்டுகளில் திட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரத்து செய்தால் போராட்டம் வரும், தொகையை உயர்த்தாமல் விட்டுவிட்டால் ஒரு அமைச்சரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இது ஈரானுக்கு மட்டும் நடப்பதல்ல. மத்திய அரசு முதியோர் உதவித்தொகையில் தன் பங்காக 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 200 ரூபாய் தருகிறது. அந்த 200 நிர்ணயமானது 2006இல். மாநில அரசின் பணத்தையும் சேர்த்துத் தமிழ்நாட்டில் 2011இல் 1,000 ரூபாய் ஆனது, 1,200 ஆக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. நான் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், என் ஓய்வூதியத்துக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்கிட்டு அகவிலைப்படி சேர்கிறது. அது தாமதமானாலே எங்கள் சங்கங்கள் அறிக்கை விடுகின்றன. எங்கள் தெருவில் முதியோர் உதவித்தொகையை மட்டும் நம்பி இருக்கும் அம்மாவும் நான் வாங்கும் கடையில்தான் பருப்பு வாங்குகிறார், அவருக்கு அகவிலைப்படி கிடையாது. இது எனக்கு மனதை அறுக்கிற விஷயம்.

மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை அடிப்படை வருமானத்துக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கி, ஆண்டுக்கு ஆளுக்கு 7,620 ரூபாய் என்று கணக்கிட்டது, அதாவது மாதம் 635. இப்போது இருக்கும் மானியங்களுக்குப் பதிலாகக் கொடுக்கலாமா என்பதுதான் அங்கே பேச்சு. நான் நடுங்குவது இந்த இடத்தில்தான். ரேஷனில் 20 கிலோ அரிசி என்றால், வெளியே கிலோ 40 விற்றாலும் 60 விற்றாலும் அது 20 கிலோ அரிசிதான். அதை நிறுத்திவிட்டு அன்றைய விலைக்குப் பணமாகக் கொடுத்தால், முதல் மாதம் இரண்டும் சமம். கிலோ 40இல் 20 கிலோவுக்கு 800 ரூபாய். விலை 60க்குப் போகும் நாளில் அதே 800க்குப் பதின்மூன்று கிலோதான் வரும். மீதி ஏழு கிலோவை அரசு சத்தமில்லாமல் மிச்சப்படுத்திக்கொள்ளும். அரிசியை எடுத்துவிட்டுப் பணம் என்றால் நான் எதிர்ப்பேன், அரிசியும் இருக்கட்டும், மேலே எல்லாருக்கும் பணமும் கொடுங்கள் என்றால் ஆதரிப்பேன்.

ஆகவே கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எழுதும்போது, எவ்வளவு கொடுப்பது என்பதோடு, அந்தத் தொகை எந்த விலைக் குறியீட்டோடு கட்டப்படும், எந்த மாதம் திருத்தப்படும், திருத்தாவிட்டால் நீதிமன்றம் போக வழி இருக்குமா என்பதையும் எழுதுங்கள். குறியீடு எது என்பது சின்ன விஷயமில்லை. நூறு நாள் வேலைக் கூலியை வேளாண் தொழிலாளர் விலைக் குறியீட்டை வைத்து ஆண்டுதோறும் ஏப்ரலில் மாற்றிவந்தார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குறியீடு நெடுங்காலம் 1986-87ஐ அடிப்படை ஆண்டாக வைத்தே ஓடியது. செல்போன் கட்டணம், தனியார் பள்ளி, மருத்துவச் செலவு எல்லாம் இப்போது ஏழை வீட்டிலும் எவ்வளவு தின்கிறது என்பது அந்தப் பழைய கணக்கில் சரியாக ஏறாது. மாதம் ஆயிரமா இரண்டாயிரமா என்று சண்டை போடுபவர்கள் இதைப் பற்றியும் கொஞ்சம் சண்டை போட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர்,
தஞ்சாவூர்