சாவி போட்டிருந்தால் இன்ஜின் ஓடுகிறதா?

சேலம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவன் இப்போது என்னோடு கொண்டலாம்பட்டி ஆபீசில்தான் உட்காருகிறான்.

உன் வண்டிகளுக்கு ஜிபிஎஸ் மாட்டினால் டீசல் செலவு குறையுமா என்று கேட்டிருக்கிறாய். குறையும். ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேராக டிரைவரிடம் சண்டைக்குப் போனால் ஒன்றும் குறையாது, டிரைவர்தான் குறைவார். எங்கள் டாரஸ் லாரி ஒன்றின் கதையைச் சொல்கிறேன்.

அந்த வண்டிக்கு ஒரு நாள் ரிப்போர்ட்டில் ஐடிலிங், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் சும்மா ஓடிய நேரம், 5 மணி 40 நிமிடம் என்று வந்தது. பையன் கொதித்துவிட்டான். நான் முதலில் பார்த்தது, இன்ஜின் ஓடுகிறது என்று அந்த ஜிபிஎஸ் பெட்டிக்கு எப்படித் தெரிகிறது என்பதை. மாட்டியவர் சாவி ஒயரில் மட்டும் இணைப்புக் கொடுத்திருந்தார். ஆக, வண்டி நின்று, சாவி போட்டிருந்தால் போதும், அது ஐடிலிங் கணக்கில் சேர்ந்துவிடும். டிரைவர் பாட்டுக் கேட்டாலும், போனுக்குச் சார்ஜ் போட்டாலும் அதே கணக்குதான்.

பெட்டி பேட்டரி வோல்டேஜையும் பதிவு செய்யும், நல்லவேளை. 24 வோல்ட் வண்டியில் இன்ஜின் ஓடாதபோது 24, 25 என்று காட்டும். ஓடினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுவதால் 27, 28க்குப் போகும். 26.5க்குக் கீழே இருந்த நேரத்தையெல்லாம் கழித்தோம். மூன்று மணி நேரம் அப்படியே போய்விட்டது. மீதி 2 மணி 40 நிமிடம். அதிலும் காலையில் பிரேக்குக்கு ஏர் ஏறும் நேரம், டோல்கேட், ஊருக்குள் நெரிசல் என்று ஒரு மணி நேரம் போகட்டும். மிச்சம் 1 மணி 40 நிமிடமும் ஒரே இடத்தில், லோடு ஏற்றும் கம்பெனி வாசல் வரிசையில்.

இதை ரூபாயாக்க, சமதரையில் நிறுத்தி டேங்கை வாய்வரை நிரப்பி, ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டு, மறுபடி நிரப்பிப் பார்த்தோம். ஏறக்குறைய 2 லிட்டர் பிடித்தது. ஏசி போட்டால் இன்னும் கூடும். அந்த வரிசையில் மட்டும் நாளுக்கு 3.3 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 300 ரூபாய்க்கு மேல். மாதம் 25 நாள் ஓடினால் ஏழாயிரத்து ஐந்நூறைத் தாண்டும், ஒரே வண்டிக்கு.

"ஏம்ப்பா, வரிசையில நிக்கும்போது ஆஃப் பண்ணக் கூடாதா?" என்று டிரைவரைக் கேட்டேன். "ஆஃப் பண்ணா ஏர் இறங்கிடுதுங்க. முன்னாடி வண்டி நகர்ந்தா எனக்கு ஹேண்ட் பிரேக்கே விடாது. பின்னாடி நிக்கிறவன் ஹாரன் அடிக்கிறான்" என்றார். பட்டறையில் இன்ஜினை நிறுத்திவிட்டு ஏர் மீட்டரைப் பார்த்தோம். 8 கிலோவில் இருந்த முள் இருபது நிமிடத்தில் 5க்கு வந்துவிட்டது. சோப்புத் தண்ணீர் ஊற்றியதும், ஏர் டேங்கிலிருந்து பின்பக்கம் போகும் குழாயின் ஜாயின்ட்டில் நுரை கொப்பளித்தது. அதை மாற்றிய பிறகு அதே வாசலில் நிற்கும் நேரம் குறையவில்லை, இன்ஜின் ஓடும் நேரம் கால் மணிக்கு வந்துவிட்டது. பிரேக் கசிவை டீசல் கணக்கு காட்டிக்கொடுத்தது எனக்கு அந்த ஏழாயிரத்தைவிடப் பெரிதாகப் பட்டது.

ஒன்று மட்டும் கவனி. டிப்பரில் தொட்டியைத் தூக்க நின்ற இடத்தில் இன்ஜின் ஓடித்தான் ஆக வேண்டும். டர்போ வண்டியை ஏற்றம் ஏறி வந்த சூட்டோடு உடனே அணைக்கவும் கூடாது, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட வேண்டும். இவற்றை வீண் என்று எழுதாதே. ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த நிறுத்தத்தை நாங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை.

அப்புறம், டேங்கில் கம்பி மாதிரி இறக்கும் டீசல் சென்சார். ஏற்காட்டுக்குச் சிமெண்ட் ஏற்றிப் போகும் எங்கள் சின்ன வண்டியில் அதைப் போட்டதும், "டீசல் திருட்டு" என்று போனில் மெசேஜாகக் கொட்டியது. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவிலும் டீசல் ஒரு பக்கம் சாய்ந்தால் சென்சார் என்ன செய்யும்? டேங்கின் ஓரத்தில் மாட்டியிருந்ததை நடுவுக்கு மாற்றினோம். அடிவாரத்தில் சமதரையில் பத்து நிமிடம் நின்ற பிறகு வரும் அளவை மட்டுமே நம்புகிறோம். திருடினால் நின்ற வண்டியில் அளவு சட்டென்று இறங்கி, பிறகு ஏறாது. சாய்வினால் என்றால் சமதரைக்கு வந்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

உனக்கு விலை சொல்லியிருப்பவரிடம் பணம் கொடுக்கும் முன் இரண்டு கேள். இன்ஜின் ஓடுவதைச் சாவி ஒயரில் பார்க்கிறாரா, வோல்டேஜிலோ ஆர்பிஎம்மிலோ பார்க்கிறாரா? காலி டேங்கில் இருபது இருபது லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் அளவைப் பதிந்து தருவாரா? டேங்க் எல்லா இடத்திலும் ஒரே அகலமில்லை, அதைச் செய்யாமல் போனால் பாதி டேங்க் என்று அவர் காட்டுவது பாதியாக இருக்காது. மழுப்பினால் வேறு ஆளைப் பார். எங்களுக்கு மாட்டியவரின் நம்பர் வேண்டுமென்றால் போன் பண்ணு, தருகிறேன்.

அன்புடன்,
உன் ராமு