டிக் போட்ட செக் லிஸ்டும் என் கடை நோட்டீஸும்: அச்சக அண்ணாச்சிக்கு ஒரு புகார்

அனுப்புநர்: பாத்திரக் கடை, அம்பாசமுத்திரம்
பெறுநர்: அச்சக உரிமையாளர் அவர்கள்
பொருள்: ஆடித் தள்ளுபடி நோட்டீஸில் விலை, கிழமை, போன் நம்பர் மூன்றும் தப்பாக அச்சானது

அண்ணாச்சி அவர்களுக்கு,

நேரில் வந்து பேசினால் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பிவிடுவீர்கள் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். 2025 ஆகஸ்ட் 1 வெள்ளிக்கிழமை காலை பேப்பரோடு சேர்ந்து 5,000 நோட்டீஸும் அம்பை, கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் எல்லாம் போய்விட்டது. எட்டரை மணிக்குக் கடை ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு அம்மா நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். 2,450 ரூபாய் குக்கர் 20 சதவீதத் தள்ளுபடி போக 1,690 என்று அதில் இருந்தது. நான் 1,960 என்றேன். "நோட்டீஸுல ஒண்ணு போடுதிய, கடையில ஒண்ணு சொல்லுதியளே" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அச்சகத்தில் தப்பு நடந்தது என்று வாடிக்கையாளரிடம் சொல்ல முடியாது, அவருக்கு அது என் வாய்ச்சொல். கையில் இருந்த 14 குக்கரையும் 1,690க்கே கொடுத்துவிட்டு "ஸ்டாக் தீர்ந்தது" என்று போர்டு மாட்டினேன்.

மறுநாள் சனிக்கிழமை வேறு கூத்து. "ஆடிப்பெருக்கு சிறப்பு நாள், ஆகஸ்ட் 3, சனிக்கிழமை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததே, 3ஆம் தேதி ஞாயிறு. பாதிப் பேர் தேதியைப் பார்த்து ஞாயிறு வந்தார்கள், பாதிப் பேர் கிழமையைப் பார்த்து சனிக்கிழமையே இலவச டப்பா கேட்டு வந்து கோபித்துக்கொண்டு போனார்கள். போன் நம்பர் கதை இதைவிட மோசம். அது நான் போன வருஷமே விட்டுவிட்ட நம்பர். கம்பெனி அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. சுரண்டைப் பக்கம் இருக்கும் அந்த மனுஷனுக்கு இரண்டு நாளாக "இட்லிப் பானை இருக்கா" என்று போன் போயிருக்கிறது.

நான் உங்கள் கடைக்கு வந்து கேட்டபோது சுவரில் ஒட்டியிருந்த செக் லிஸ்டைக் காட்டினீர்கள். என் வேலைக்கான தாளையும் எடுத்துக் காட்டினீர்கள். விலை சரி, தேதி சரி, போன் நம்பர் சரி என்று மூன்றிலும் டிக், ஒரே பேனாவில், ஒரே சாய்வில், டைப் அடித்த டிசைனர் தம்பியே போட்டது. என் புகாரே அந்தத் தாளைப் பற்றித்தான். தம்பியைத் திட்ட வேண்டாம், வேலையில் கெட்டிக்காரன்.

மூன்று தப்பும் மூன்று வழியாக வந்தவை, உட்கார்ந்து விசாரித்ததில் தெரிந்தது. விலை, திரும்ப டைப் அடித்ததில் வந்தது. நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தமிழ் யூனிகோடில் இருக்கிறது, நீங்கள் கோரல்டிராவில் வைத்திருப்பது பழைய எழுத்துரு. காப்பி செய்து ஒட்டினால் கோணல்மாணலாக வருகிறது என்று தம்பி எல்லாவற்றையும் கையால் அடித்திருக்கிறான், 1960 அங்கே 1690 ஆகிவிட்டது. இதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது அண்ணாச்சி, நானே முதல் இரண்டு ப்ரூஃபிலும் பார்த்தேன், அதே நாலு எண்கள் இருப்பதால் மனசு சரி என்றே படித்துக்கொள்கிறது. கால்குலேட்டரில் 2,450க்கு 20 சதவீதம் 490, கழித்தால் 1,960 என்று போட்டிருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். பழைய கணக்குப்பிள்ளைகள் ஒன்று சொல்வார்கள், வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால் எண் இடம் மாறியிருக்கிறதா என்று பார். இங்கே வித்தியாசம் 270, ஒன்பது முப்பது.

கிழமை, போன வருஷ ஃபைலில் இருந்து வந்தது. 2024இல் ஆகஸ்ட் 3 சனிக்கிழமைதான். வருஷம் என்பது 52 வாரமும் ஒரு நாளும், அதனால் அதே தேதி மறுவருஷம் ஒரு கிழமை தள்ளிவிடும், நடுவில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு. பழைய ஃபைலைத் திறந்து மாற்றுவது எல்லோரும் செய்வதுதான், ஆனால் அப்படிச் செய்த நோட்டீஸில் தேதியை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்தில் இருக்கும் கிழமையைக் காலண்டரைத் திறந்து பார்க்க வேண்டும்.

போன் நம்பர்தான் எனக்கு வயிற்றெரிச்சல். முதல் ப்ரூஃபிலேயே அது பழைய நம்பர் என்று வட்டம் போட்டு அனுப்பினேன், இரண்டாவது ப்ரூஃபில் சரியாக வந்தது. அப்புறம் நான் "3 லிட்டரை 5 லிட்டர் ஆக்குங்கள்" என்று ஒரு திருத்தம் சொன்னேன். தம்பி NOTICE_FINAL_2.cdr ஃபைலைத் திறப்பதற்குப் பதில் NOTICE_FINAL.cdr ஃபைலைத் திறந்து லிட்டரை மட்டும் மாற்றியிருக்கிறான், பழைய நம்பர் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது ப்ரூஃப் வந்தபோது நான் வியாபாரத்துக்கு நடுவில் லிட்டரை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் படம் அனுப்பினேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் தாளில் டிக் விழுந்தது இரண்டாவது ப்ரூஃபுக்கு, அச்சுக்குப் போனது மூன்றாவது. பார்த்த தாள் ஒன்று, அடித்த தாள் வேறு.

அதனால் அந்தச் செக் லிஸ்டில் "சரி" என்ற கட்டத்தையே எடுத்துவிடுங்கள். விலைக்கு நேரே கால்குலேட்டரில் வந்த தொகையை எழுத இடம் விடுங்கள், டிசைனைப் பார்க்காமல் கணக்குப் போட்டு எழுதி, அப்புறம் நோட்டீஸோடு ஒப்பிடட்டும். தேதிக்கு நேரே காலண்டரில் பார்த்த கிழமையை எழுதட்டும். போன் நம்பரை, மனசில் இருப்பதையோ போனில் சேமித்திருப்பதையோ அழுத்தாமல், ப்ரூஃப் தாளில் அச்சாகியிருப்பதை ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அழுத்திக் கூப்பிடட்டும், யார் எடுத்தார்கள் என்று எழுதட்டும். சுரண்டைக்காரர் அன்றைக்கே எடுத்திருப்பார். இதை டைப் அடித்தவர் செய்யக் கூடாது, மெஷின்மேன் செய்தாலும் சரி. எந்த ஃபைலைப் பார்த்தோம் என்று ஃபைல் பெயரும் தாளில் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு ஒரு புள்ளி மாறினாலும் மூன்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதிகம் போனால் பத்து நிமிஷம். பிளேட் போட்ட பிறகு தெரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், என் விலை சிவப்பு நட்சத்திரத்துக்குள் வெள்ளை எழுத்தில் இருந்தது, மெஜந்தா, மஞ்சள் இரண்டு பிளேட்டையும் மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

ப்ரூஃபையும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருங்கிப்போய் 3 எது 8 எது என்று தெரியவில்லை. பிடிஎஃப் அனுப்புங்கள், அல்லது ஒரு தாளில் அடித்து அம்பை பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள்.

கணக்குக்கு வருகிறேன். பில் 9,200, முன்பணம் 4,000 கொடுத்தாயிற்று, பாக்கி 5,200. 14 குக்கருக்கு 270 வீதம் நான் விட்டது 3,780. அதைக் கழித்து 1,420 ரூபாய் தருகிறேன். சனிக்கிழமை கோபித்துக்கொண்டு போனவர்களுக்கு நான் விலை போடவில்லை, மூன்றாவது ப்ரூஃபுக்கு ஓகே சொன்னவன் நான் என்பதால் அது என் பங்காக இருக்கட்டும். தீபாவளி நோட்டீஸ் உங்களிடம் தருவதா என்று புதுத் தாளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

சுரண்டைக்காரரிடம் நான் ஒருமுறை மன்னிப்புக் கேட்டாயிற்று. நீங்களும் ஒரு போன் போடுங்கள், நம்பர்தான் நோட்டீஸிலேயே இருக்கிறதே.

இப்படிக்கு,
பாத்திரக் கடைக்காரன்