Kp கேட்கும்போது அலகையும் கேளுங்கள்: வேதியியல் வினாத்தாள் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

விடைத்தாள் திருத்தும்போது என்னைத் திரும்பத் திரும்ப நிறுத்துவது ஒரே ஒரு வகைக் கணக்கு. Kc கொடுத்து Kp கேட்பீர்கள். எந்த அழுத்த அலகில் வேண்டும் என்பதை மட்டும் சொல்லமாட்டீர்கள்.

அம்மோனியாவையே எடுத்துக்கொள்வோம்.

N₂ + 3H₂ ⇌ 2NH₃

773 கெல்வினில் Kc = 0.060 என்று வினாவில் இருக்கிறது. செறிவு லிட்டருக்கு இத்தனை மோல் என்ற கணக்கில் இருப்பதால் இதன் அலகு லிட்டர்²/மோல்². வாயு மோல்கள் நான்கிலிருந்து இரண்டாகின்றன; எனவே Δn = −2. சூத்திரம் Kp = Kc(RT)^Δn. இதுவரை யாரும் தவறுவதில்லை.

சிக்கல் R-இல் தொடங்குகிறது. ஒரு மாணவி 0.0821 போடுகிறாள். RT 63.5 ஆகிறது, Kp = 1.49 × 10⁻⁵. பக்கத்து மாணவன் 8.314 போடுகிறான். RT 6427 ஆகிறது, Kp = 1.45 × 10⁻⁹. இரண்டுக்கும் நடுவே பத்தாயிரம் மடங்கு. விடைக்குறிப்பில் முதல் எண் மட்டும் இருப்பதால் பையனுக்குச் சுழியம்.

சரி, அவன் செய்தது தவறா? RT என்பது வெறும் பெருக்கல் தொகை இல்லை. லிட்டருக்கு ஒரு மோல் செறிவுள்ள நல்லியல்பு வாயு அந்த வெப்பநிலையில் தரும் அழுத்தம் அது. 773 கெல்வினில் அது 63.5 வளிமண்டலம். அதே அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் சொன்னால் 6427. ஆக அவன் எண் கிலோபாஸ்கல்⁻² அலகில் சரியான விடைதான். ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல். 100-இன் வர்க்கத்தால் பெருக்கினால் 1.45 × 10⁻⁵ பார்⁻². மாணவியின் 1.49-க்கும் இதற்கும் மிஞ்சும் சிறு வேறுபாடு வளிமண்டலத்துக்கும் பாருக்கும் உள்ளது: 1.01325-இன் வர்க்கம், ஏறக்குறைய 1.027.

அவன் அதையே வளிமண்டலம்⁻² என்று எழுதியிருந்தால்தான் தவறு. எதுவும் எழுதாமல் விட்டிருந்தால்? அங்கே குறை வினாவுடையது. 8.314-ஐ ஜூலில் எடுத்து அழுத்தத்தைப் பாஸ்கலில் சொல்பவர் Kc-யையும் கன மீட்டருக்கு மாற்றியாக வேண்டும். அதைச் செய்யாமல் பாஸ்கல்⁻² என்று எழுதினால் விடை பத்து லட்சம் மடங்கு பிசகும்.

“சமநிலை மாறிலிக்கு அலகே கிடையாதே” என்று சிலர் சொல்வீர்கள். உண்மைதான், வெப்ப இயக்கவியல் மாறிலிக்கு அலகில்லை. ஆனால் ஒவ்வொரு பகுதி அழுத்தத்தையும் ஒரு திட்ட அழுத்தத்தால் வகுத்த பிறகுதான் அலகு மறைகிறது. அந்தத் திட்டம் 1 பாரா, 1 வளிமண்டலமா என்பதற்கேற்ப எண் மாறும். அப்போது அதையாவது வினாவில் சொல்ல வேண்டுமே.

இன்னொன்று. H₂ + I₂ ⇌ 2HI போன்ற வினையில், எல்லாமே வாயுவாக இருக்கையில், Δn சுழியம்; எந்த R போட்டாலும் Kp = Kc. எளிதென்று அதையே மாதிரிக் கணக்காகக் கொடுக்கிறீர்கள். அதில் இந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது.

நான் கேட்பது வினாவில் ஒரே ஒரு சொற்றொடர்: “Kp-ஐ பார்⁻² அலகில் காண்க.” அப்புறம், அலகோடு பொருந்தும் வேறு எண் வந்தால் மதிப்பெண் கொடுக்கலாம் என்று விடைக்குறிப்பில் ஒரு வரி.

அன்புடன்,
விடைத்தாள் திருத்தும் ஓர் ஆசிரியர்