மதினிக்கு: பால் காய்ச்சும் வீட்டுக்குக் குக்கரே கொடுங்கள்

அன்புள்ள மதினி,

பெருமாள்புரத்தில் உங்கள் அண்ணன் மகன் பால் காய்ச்சுகிறானே, அதற்குச் சுவர்க்கடிகாரம் வாங்கப் போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். கடிகாரம் எப்படியும் நாலைந்து வந்து சேரும். குத்துவிளக்கைப் பெண் வீட்டார் கொண்டுவந்துவிடுவார்கள். கணவன், மனைவி இருவரும் காலை எட்டரைக்குள் வேலைக்குக் கிளம்ப வேண்டியவர்கள். நீங்கள் ஒதுக்கியிருக்கும் மூவாயிரம் ரூபாய்க்குள் அவர்கள் தினமும் எடுத்துப் புழங்குகிற பொருள் குக்கர்தான்.

வாங்குவதற்கு முன் மருமகளிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: சமையல் கேஸ் அடுப்பிலா, இண்டக்ஷன் அடுப்பிலா? இண்டக்ஷன் அடுப்பில் வெறும் அலுமினியக் குக்கர் சூடேறாது. காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய், குக்கரின் அடியில் வைத்துப் பாருங்கள். விற்பவர் வாய்ச்சொல்லைவிட அது நம்பகமானது. கேஸ் அடுப்புதான் என்றாலும் நான் அடி கனமான ஸ்டீல் குக்கரையே வாங்குவேன். புளிக்குழம்பு வைத்தாலும் பாத்திரம் கறுக்காது.

அளவு மூன்று லிட்டர் போதும். ஐந்து லிட்டர்தான் பார்வைக்குக் கௌரவம் என்று மாமா சொல்வார், கேட்காதீர்கள். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, அரிசி, பருப்பு என்றால் பாதிதான். அந்தக் கணக்கிலும் இருவருக்குச் சோறும், சொதிக்குப் பாசிப்பருப்பும் மூன்று லிட்டரில் தாராளமாக வேகும். பெரிய குக்கரில் ஒரு கைப்பிடிப் பருப்பைப் போட்டால் ஆவி நிறையவே நேரமாகும், கேஸும் வீண். மாமனார், மாமியார் கூடவே வந்து இருக்கப் போகிறார்கள் என்றால் மட்டும் ஐந்து லிட்டர்.

அடுத்தது கம்பெனி. ஹாக்கின்ஸ், பிரெஸ்டீஜ், பட்டர்ஃபிளை போல நம் அம்மாக்கள் காலத்திலிருந்து புழக்கத்தில் இருப்பவற்றில் ஒன்றாக இருக்கட்டும். பெயருக்காகச் சொல்லவில்லை. கேஸ்கட் காலப்போக்கில் இறுகித் தளரும், ஓரத்தில் ஆவி கசியும், விசில் வராது. அப்போது அதே அளவு கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் பாளையங்கோட்டையிலேயே கிடைக்க வேண்டும். ஒரு கம்பெனி கேஸ்கட் இன்னொன்றுக்குப் பொருந்தாது. தள்ளுபடியில் வரும் பெயர் தெரியாத குக்கர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 பிப்ரவரி முதல் வீட்டுக் குக்கருக்கு அது கட்டாயம். முத்திரைக்கு மேலே IS 2347 என்றும், கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை BIS Care செயலியில் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும். அது பெட்டியில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் வாங்காதீர்கள்.

உள்மூடியா, வெளிமூடியா என்பது கைப்பழக்கம். மருமகள் அம்மா வீட்டில் எதில் சமைத்தாளோ அதையே கொடுங்கள். பில்லைக் கிழித்துவிடாமல், கடை முத்திரை போட்ட உத்தரவாத அட்டையோடு பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். விலை தெரிந்துவிடுமே என்று கூச்சப்பட வேண்டாம். கைப்பிடி ஆடினாலோ மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ மாற்றித்தர அதைத்தான் கேட்பார்கள்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தியாள்