அத்தானின் கணக்கு

அன்புள்ள மகன்,

நானும் அம்மாவும் சுகம். சிறுபோகம் குடலைப் பருவத்தில் நிற்கிறது. வாய்க்காலில் தண்ணீருக்குக் குறைவில்லை.

கண்ணகை அம்மன் சடங்குக்கு அக்கா வந்திருந்தாள். கையில் காப்பு இல்லை. அம்மா கேட்டதற்கு, "இறுக்கமா இருக்கு, கழட்டி வைச்சிருக்கன்" என்றாள். நீ கட்டாருக்குப் போகும்போது அத்தான் தந்த 4 இலட்சம் எங்கிருந்து வந்தது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. போனில் நீ எல்லோரையும் விசாரிக்கிறாய், அத்தானைத் தவிர.

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குக் கண்ணாடி எடுத்துக் கொடுத்த பிள்ளை நீ. அதை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். ஆனாலும் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தபோது சொந்தக்காரர்களின் கடன் வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். காசே வாங்கவில்லை என்று மறுத்தவர்கள் குறைவு. எப்போது தருவதாகச் சொன்னது, வட்டி யார் தலையில் என்பதில்தான் பேச்சு முறிந்தது. எழுத்தில்லாத கடனுக்கு 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், எழுத்து இருந்தால் 6 வருடம். அத்தான் வழக்குக்குப் போகிறவர் இல்லை. அதனால்தான் நீயே எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

ஒருவர் நகையை அடகு வைத்துக் கடன் தந்திருந்தால், வாங்கியவனின் கடன் 4 இலட்சத்தோடு நிற்காது. அடகு ரசீதில் வருட வட்டி நூற்றுக்கு 15 என்று இருந்தால், வருடத்துக்கு 60,000 ரூபா. அதை நீ கட்டாவிட்டால் அக்கா வீட்டு உலைதான் கட்டும். தவணை முடிந்தும் மீட்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். ஆகவே ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, வட்டியையும் முடிவுத் திகதியையும் முதலில் பார்.

பிறகு ஒரு தாளில் எழுது: வாங்கிய திகதி, தொகை, அடகு வட்டி உன்னுடையது என்பது, மாதம் எவ்வளவு, எந்தத் திகதியில், ஒரு மாதம் தவறினால் எப்படி ஈடுசெய்வாய். மாதம் 40,000 முடியாதென்றால் 25,000 என்று எழுது. முடியாததை எழுதி மூன்றாம் மாதம் ஒளிந்துகொள்வதை விட அது மேல். இரண்டு பிரதி எடுத்து நீயும் அத்தானும் ஒப்பம் வையுங்கள். அக்காவும் சாட்சியாக வைக்கட்டும். நாளைக்கு யாருக்கு என்ன ஆனாலும் அவளுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காசு போட்ட அன்றே, "இவ்வளவு போட்டேன், மீதி இவ்வளவு" என்று அத்தானுக்கு வாட்ஸ்அப்பில் எழுது. அறுவடை முடிந்ததும் நெல்லாகத் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. அறுவடை நேரம் விலை விழும், பிறகு எந்த விலைக்குக் கணக்குப் பார்ப்பது?

தாளைக் கட்டாயம் எழுது மகன். எழுதும் முன் அத்தானுக்கு ஒரு தடவை போன் எடு. சம்பளம் வந்ததும் காசை என் கணக்குக்குப் போடாமல் நேரே அவர் கணக்குக்கே போடு.

அப்பா
களுவாஞ்சிகுடி